படுத்திருக்கும்போதும் ஓடிய நாடி

மாமியார் கலக்கிக் கொடுத்த பாலை மஞ்சுளா தோட்டத்து வாழைக்கு ஊற்றினாள். ஊற்றியபின் டம்ளரைக் கழுவி, வாயையும் முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். குடித்தவள் போலத் தெரிய வேண்டும்.

"குட்ச்சிட்டியா?" என்று சமையலறையிலிருந்து சிட்டம்மாள் கேட்டாள்.

"குடிச்சிட்டேன் அத்த."

பாலில் கலப்பது ஒரு பழுப்புப் பொடி. காஞ்சிபுரத்தில் நாட்டு மருந்துக் கடையில் சொல்லிவைத்து இடித்து வாங்கியது. தாய்ப்பால் ஊறும் என்று சிட்டம்மாள் சொன்னாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மஞ்சுளா கேட்டபோது, "எல்லாம் நல்லதுதான் கீது, பயப்படாத குடி" என்றாள். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மனதில் முள்ளாக நின்றது.

மஞ்சுளா உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரி நாட்களில் நெடுந்தூர ஓட்டக்காரி. கையில் எப்போதும் நாடி காட்டும் வாட்ச் இருக்கும். ஓடி முடித்ததும் நாடி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவுக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். காலையில் கண் விழித்து எழாமல் படுத்திருக்கும்போது அவளுக்கு நிமிடத்துக்கு அறுபதுதான் ஓடும். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அது எண்பதைத் தாண்டியது. அது இயல்புதான், இரண்டு உயிருக்குச் சேர்த்து ரத்தம் இறைக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு புள்ளலூரில் தாய் வீட்டில் இருந்த நாட்களில் வாராவாரம் இறங்கி, ஒன்றரை மாதத்துக்குள் அறுபத்தைந்துக்கு அருகில் வந்துவிட்டது. அப்போதும் குழந்தை இரவில் நாலைந்து முறை எழுப்பத்தான் செய்தது. சரியாகத் தூங்காத மறுநாள் நாடி கொஞ்சம் ஏறும், ஒரு பகல் தூக்கம் கிடைத்தால் இறங்கிவிடும். குழந்தை மார்பில் வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்ததும் உடம்பே தளர்ந்து, வாட்ச்சில் எண் மெல்லக் குறைவதை அவள் வேடிக்கை பார்ப்பாள்.

மூன்றாம் மாதம் திருப்புலிவனத்தில் கணவன் வீட்டுக்கு வந்தாள். வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நாடி ஏறத் தொடங்கியது.

முதலில் எண்பது. பிறகு தொண்ணூறு. அப்புறம் படுத்திருக்கும்போதே நூறைத் தாண்டியது. மார்கழிக் குளிரிலும் ஃபேன் இல்லாமல் இருக்க முடியவில்லை. கையை நீட்டினால் விரல்கள் நடுங்கின. பசி பயங்கரமாக எடுத்தது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனால் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. குழந்தை பால் குடிக்கும்போதுகூட எண் இறங்கவில்லை. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினாள். காய்ச்சல் இல்லை. ரத்தம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். "தூக்கமே இல்ல, பால் வேற குடுக்குறீங்க. பல்ஸ் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நல்லா தண்ணி குடிங்க" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று மாலை அம்மா இந்திராணி போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நம்ம வூட்ல இருந்தப்ப நல்லாத்தானே இருந்த?"

"இருந்தேன்."

"அங்க போனப்புறந்தானே இப்பிடி?"

"ஆமாம்மா."

"அவ இன்னா குடுக்கறா ஒனக்கு?"

அந்தக் கேள்வி மஞ்சுளாவுக்குள்ளும் ஏற்கெனவே இருந்தது. அம்மா வாயிலிருந்து வந்ததும் அது பெரிதாகிவிட்டது. சிட்டம்மாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே விருப்பம் இல்லை. பையன்களோடு மைதானத்தில் ஓடுகிற பெண் வேண்டாம் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பு சொன்னவள் அவள். குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் படுத்துவிட்டால் வேலைக்குப் போக முடியாதல்லவா?

அடுத்த நாளிலிருந்துதான் பால் வாழைக்குப் போனது.

ஒரு வாரம் ஆனது. நாடி இறங்கவில்லை. இன்னொரு வாரம் ஆனது. நூற்றுப் பத்தைத் தொட்டது. பொடி காரணமாக இல்லையோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடமே, ரசத்தில் போடுகிறாளோ என்று தோன்றியது. அன்று முதல் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். சிட்டம்மாள் அதைக் கவனிக்காமல் இல்லை.

சிட்டம்மாளிடமும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தான் ஆக்கிப்போடுவதையெல்லாம் சாப்பிடுகிறாள், ஆனாலும் இளைக்கிறாள். கை நடுங்குகிறது. சும்மா சும்மா எரிந்து விழுகிறாள். ஒரே இடத்தில் உட்காருவதில்லை. வாட்ச்சை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறாள். பழையபடி ஓட வேண்டும் என்று உடம்பை இறக்க ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாள், அது பால் வழியாகப் பேத்திக்கும் போகிறது என்று அவள் முடிவு கட்டினாள். மகனிடம் சொன்னாள். பார்த்திபன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்டு வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான்.

"மஞ்சு, நீ ஏதாச்சும் டயட்டு கியட்டு பண்றியா?" என்று அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கேட்டான்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நீ எளச்சிக்கினே போற, அதான்..."

"உங்கம்மா சொன்னாங்க. அவங்க எனக்கு இன்னா கலந்து குடுக்குறாங்கன்னு கேட்டீங்களா நீங்க?"

பார்த்திபன் திகைத்துப்போனான். "கலந்து குடுக்கறாங்களா? இன்னா பேசற நீ?"

மஞ்சுளா கத்தினாள். என்ன கத்தினாள் என்று பின்பு அவளுக்கே நினைவில்லை. இதயம் காதுக்குள் அடித்தது மட்டும் நினைவிருந்தது. குழந்தை அழுதது. வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சிட்டம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். எவ்வளவு தூரம் அவள் காதில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு மதியம், மஞ்சுளா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். பத்துப் பன்னிரண்டு படிதான். மேலே போனதும் தொடை இரண்டும் வலுவிழந்து நடுங்கின. மூச்சு வாங்கியது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாட்ச்சில் நூற்று நாற்பது. இறங்கும் என்று காத்திருந்தாள். மைதானத்தில் இரண்டு சுற்று ஓடினாலும் நிமிடத்தில் இறங்கிவிடுகிற நாடி இப்போது இறங்க மறுத்தது.

சிட்டம்மாள் மேலே வந்து பார்த்தாள். மருமகளின் நடுங்கும் கையிலிருந்து குழந்தையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"பொண்ண கீழ உட்ருவ போலக் கீதே! இன்னாத்ததான்டி முழுங்கற நீ?"

"கொழந்தைய குடுங்க."

"குடுக்க மாட்டேன். வா, டாக்டரு கிட்ட போவோம். நீ இன்னா துன்றன்னு அவங்களே சொல்லட்டும்."

"வாங்க போவோம்" என்றாள் மஞ்சுளா. "எனக்கும் ஒண்ணு கேக்கணும் அவங்ககிட்ட."

பார்த்திபன் அன்று இரண்டாம் ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஷீபா டாக்டரின் கிளினிக். ஆட்டோவில் குழந்தை சிட்டம்மாள் மடியில் இருந்தது. வழி முழுவதும் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஷீபா டாக்டர் நிதானமானவர். மஞ்சுளாவின் மணிக்கட்டைப் பிடித்து, வாட்ச்சைப் பார்க்காமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் தானே எண்ணினார். கைகளை நீட்டச் சொன்னார். கண்ணைப் பார்த்தார். கழுத்தைப் பின்னாலிருந்து தொட்டுப் பார்த்து எச்சில் விழுங்கச் சொன்னார். காலில் வீக்கம் இருக்கிறதா, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. ஈசிஜி எடுத்தார்கள். சீராகத்தான் அடிக்கிறது, வேகம்தான் அதிகம் என்றார்.

"வேற ஏதாவது மருந்து, பொடி, லேகியம் சாப்பிடுறீங்களா?"

மஞ்சுளா கைப்பையைத் திறந்தாள். காகிதத்தில் மடித்த பழுப்புப் பொடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இத டெஸ்ட் பண்ணுங்க டாக்டர். பால்ல கலந்து குடுத்தாங்க."

சிட்டம்மாள் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். முகம் சுருங்கியது. பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இதையும் பாருங்கம்மா. இவ பையில இருந்திச்சு. மெடிக்கல் கடை பெஞ்சமின்கிட்ட காட்டினேன். இரும்புச் சத்துன்னான். அவன் பொண்டாட்டி இவகூட வேல செய்யறவ. எப்பிடி நம்பறது?"

"என் பையத் தொறந்தீங்களா?"

"நீ என் சட்டிய மோந்து பாக்கல?"

பார்த்திபன் இருவரையும் பார்த்தான். தன் வீட்டில் இத்தனை நாள் நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

டாக்டர் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இது இரும்புச்சத்துதான்மா. பெஞ்சமின் சரியாத்தான் சொல்லியிருக்காரு." பொடியை விரலால் நகர்த்தினார். "இது என்னன்னு பார்த்த உடனே சொல்ல முடியாது. சில பொடியில ஏதேதோ கலக்குறாங்க. அதனால நீங்க பயந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். எப்ப நிறுத்துனீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"குடிக்கலியா நீ?" என்று சிட்டம்மாள் கேட்டாள்.

"நிறுத்தினப்புறம் குறைஞ்சுதா?"

"இல்ல. ஏறிடுச்சு."

"பொடியால வந்திருந்தா இந்நேரம் கொஞ்சமாவது இறங்கியிருக்கணும்" என்றார் டாக்டர்.

சிட்டம்மாள் சட்டென்று கையை நீட்டி, பொடியை ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். டாக்டர் "ஐயோ, என்னம்மா பண்றீங்க" என்று எழுந்தார்.

"இன்னா ஆவுதுன்னு பாப்போம். பேத்தியப் பெத்தவளுக்கு விஷம் வெக்கறவளா நானு?" என்றாள் சிட்டம்மாள். பொடி தொண்டையில் அடைத்து இருமினாள். பார்த்திபன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். மஞ்சுளா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்திலும் அவள் நம்பவில்லை. ஒரு சிட்டிகைதானே, அதனால் என்ன தெரிந்துவிடும் என்றுதான் அவள் மனம் சொன்னது.

ரத்தம் எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகும், அது இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி, மறுநாள் செங்கல்பட்டில் எக்கோ ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். பார்த்திபன் கூட்டிப்போனான். இதயம் நன்றாக இருந்தது. ரத்த முடிவு வந்ததும் மூவரையும் மறுபடி கூப்பிட்டார்.

"தைராய்டு" என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க இருக்குற சுரப்பி. உடம்பு எவ்ளோ வேகத்துல ஓடணும்னு முடிவு பண்றது இதுதான். மாசமா இருக்கும்போது உடம்போட எதிர்ப்பு சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும். பிரசவம் ஆனப்புறம் அது திரும்ப முழிச்சுக்கும். சில பேருக்கு முழிச்சது இந்தச் சுரப்பியையே தாக்கிடும். அப்ப உள்ள சேத்து வெச்சிருந்த சுரப்பு மொத்தமா ரத்தத்துல கொட்டும். அதான் நாடி ஓடுது, வேர்க்குது, நடுங்குது, இளைக்குது. மூணாவது நாலாவது மாசத்துலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்."

"அந்த மாசத்துலதான் நான் இங்க வந்தேன்" என்றாள் மஞ்சுளா.

"அது தற்செயல். எங்க இருந்திருந்தாலும் வந்திருக்கும். இதே மாதிரி காட்டுற வேற தைராய்டு நோய் ஒண்ணு உண்டு, அதுக்கான டெஸ்ட்டும் எடுத்தேன். அது இல்ல."

"பால் குடுக்கலாமா?"

"தாராளமா. வீசிங் தொந்தரவு இல்லையே? அப்ப நாடியைக் குறைக்க ஒரு மாத்திரை சின்ன அளவுல தரேன். அது பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அது சுரப்பியக் குணப்படுத்தாது, நாடியைத்தான் அடக்கும். கொட்டினது தீர்ற வரைக்கும் உங்களுக்கு ஒரு பிடிமானம், அவ்ளோதான். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. சேத்து வெச்சது தீர்ந்ததும் பல பேருக்கு எதிர்ப்பக்கம் போவும். உடம்பு மந்தமாயிடும். அதனால நான் சொல்ற தேதிக்கு ரத்தம் குடுத்தே ஆகணும். பொடி இனிமே வேணாம், நல்லதோ கெட்டதோ."

பார்த்திபனும் சிட்டம்மாளும் வெளியே போன பின் மஞ்சுளா தயங்கி நின்றாள்.

"டாக்டர், எனக்கு யாரப் பார்த்தாலும் சந்தேகமா இருந்துச்சு. அதுவும் இதனாலயா?"

"படபடப்பு, பயம், கோபம் எல்லாம் இதுல வரும். அது மேல தூக்கமும் இல்ல. ஆனா யார் மேல சந்தேகப்பட்டீங்கன்றது ரத்தத்துல தெரியாதும்மா."

மாத்திரை தொடங்கிய சில நாளில் நாடி எண்பதுகளுக்கு வந்தது. கை நடுக்கம் நின்றது. குழந்தை குடிக்கும்போது மறுபடி உடம்பு தளர்ந்தது. இரவு ஷிஃப்டு இல்லாத நாட்களில் பார்த்திபன் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்க விட்டான். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கியது அதுதான் முதல்முறை.

ஆனால் வீட்டில் சூடு இறங்கவில்லை. சிட்டம்மாள் மருமகளுக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். சமைத்து மூடி வைத்துவிட்டு, "சோறு கீது, நீயே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கையில் கொடுக்க மாட்டாள். மஞ்சுளா மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும், என் பையை ஏன் திறந்தார்கள் என்பது முன்னால் வந்து நின்றது.

தை, மாசி போயின. நாடி மாத்திரை இனித் தேவையில்லை என்று டாக்டர் மாசி நடுவிலேயே நிறுத்தியிருந்தார். நாடி அறுபதுக்கு வந்தது. பிறகு ஐம்பத்தாறு. மஞ்சுளாவுக்கு ஒரே சந்தோஷம். பந்தயங்களில் ஓடிய காலத்து எண் அது. உடம்பு முழுதும் தேறிவிட்டது என்று பள்ளிக்குப் போன் செய்து, ஜூனில் வருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

ஆனால் பங்குனி வெயிலில் அவளுக்குக் கால் சில்லிட்டது. முடி கைப்பிடியாக வந்தது. குழந்தை நன்றாகத் தூங்கிய இரவுக்கு மறுநாளும் எழ முடியவில்லை. முகம் உப்பியது. பால் குறைந்ததுபோல் இருந்தது. ஒரு நாள் காலையில் பத்து மணி வரை பாயிலேயே கிடந்தாள்.

சிட்டம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "அந்த டாக்டரு மாத்திரதான் ஒன்ன இப்பிடிப் பண்ணிடுச்சு" என்றாள்.

"அத நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு அத்த."

"நெசமா நிறுத்திட்டியா?"

"பையத் தொறந்து பாத்துக்கங்க."

சிட்டம்மாள் பையைத் தொடவில்லை. வாசற்படியை விட்டு நகரவும் இல்லை.

மஞ்சுளாவுக்குச் சண்டை போடக்கூடச் சக்தி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "பசிக்குது அத்த. எழுந்து போட்டுக்க முடியல."

சிட்டம்மாள் போய்விட்டாள் என்று மஞ்சுளா நினைத்தாள்.

"நான் போட்டுக் குடுத்தா துன்னுவியா?"

மஞ்சுளா கண்ணைத் திறந்தாள். "துன்னுவேன்."

"மோந்து பாக்க மாட்டியே?"

"மாட்டேன். உங்கள அன்னிக்கி அந்த டாக்டர் ரூம்ல அப்பிடி உக்கார வெச்சது தப்பு அத்த."

"நானும் உன் பையில கைய வுட்ருக்கக் கூடாது" என்றாள் சிட்டம்மாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு உள்ளே போய்த் தட்டில் சோறும் கீரையும் போட்டு, ஒரு முட்டையையும் உரித்து வைத்து எடுத்து வந்தாள். மஞ்சுளா சாப்பிடும் வரை எதிரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அக்கறையா, காவலா என்று மஞ்சுளாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள்.

டாக்டர் குறித்த தேதி அடுத்த வாரம் வந்தது. முடிவு அவர் சொல்லி வைத்தபடியே இருந்தது. சுரப்பி இப்போது ஓய்ந்துபோயிருந்தது. அந்த ஐம்பத்தாறு ஓட்டக்காரியின் ஐம்பத்தாறு அல்ல, மந்தத்தின் எண். "எண்ணை மட்டும் பார்த்தா இப்பிடித்தான் ஏமாத்தும்" என்றார் ஷீபா. தைராய்டு மாத்திரை எழுதினார். காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் தனியாகப் போட வேண்டும், பால் கொடுக்கத் தடையில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சுரப்பி தானே எழுந்துகொள்ளும், சிலருக்கு மாத்திரை நிரந்தரமாகிவிடும், எதுவானாலும் அடுத்த பிரசவத்தில் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றார். சிட்டம்மாள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். டாக்டர் சொன்னதை அவள் முழுதாக நம்பியதுபோல் இல்லை.

ஜூனில் மஞ்சுளா பள்ளிக்குப் போகவில்லை. ஆகஸ்டில் போனாள். பகலில் குழந்தை சிட்டம்மாளிடம் இருந்தது. முதல் வாரம் பிள்ளைகளை ஓடவிட்டு, தான் நிழலில் நின்று பார்த்தாள். அடுத்த மாதம் அவர்களோடு ஒரு சுற்று மெதுவாக ஓடினாள். நின்று, மணிக்கட்டில் விரல் வைத்துக் காத்திருந்தாள். ஏறிய நாடி மெல்ல மெல்ல இறங்கியது.

அன்று மாலையும் இந்திராணி போன் செய்தாள். உடம்பை விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கி சாப்பாடு யார் செஞ்சாங்க? பாத்து துன்னு."

மஞ்சுளா சமையலறைப் பக்கம் பார்த்தாள். சிட்டம்மாள் குழந்தைக்குச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பசிக்குதும்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.